வீட்டில் ஒரு முகவரி, விடுதியில் வேறொன்று

கல்லூரி விடுதியில் சேரும்போது தரும் படிவங்களில் இப்போது ஒரு கட்டம் தவறாமல் இருக்கிறது: ‘கைபேசியின் மேக் அட்ரஸ்’. விடுதி வைஃபையில் எந்தெந்தக் கருவிகளை அனுமதிப்பது என்று நிர்வாகம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் ஏற்றுவதற்காகத்தான் இதைக் கேட்கிறார்கள். மாணவி வீட்டில் உட்கார்ந்து, போனில் செட்டிங்ஸைத் திறந்து, வைஃபை பக்கத்தில் தெரியும் பன்னிரண்டு எழுத்துகளைக் கவனமாகப் பார்த்து எழுதுகிறாள். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் சரியான கடவுச்சொல்லைப் போடுகிறாள். வைஃபை வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், “நீ கொடுத்த நம்பர் தப்பும்மா” என்கிறார்கள். போனைத் திறந்து மறுபடி பார்த்தால், படிவத்தில் எழுதியதற்கும் இப்போது திரையில் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் எழுதியதில் பிழை இல்லை. போனும் பழுதாகவில்லை. வீட்டு வைஃபையில் இருந்தபோது அந்த போனுக்கு ஒரு முகவரி. விடுதி வைஃபைக்கு வந்ததும் அதுவே தனக்கு இன்னொரு முகவரியை வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளாக விற்பனைக்கு வரும் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போன்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. படிவத்தை அச்சடித்தவர்கள் மனத்தில் இருப்பதோ, ஒரு போனுக்கு ஒரே முகவரி என்றிருந்த பழைய காலம்.

முதலில் அந்த முகவரி எதற்கு என்று பார்த்துவிடலாம். வைஃபை என்பது காற்றில் போகும் வானொலி அலை. ஒரு அறையில் பத்து போன்கள் இருந்தால் ரவுட்டர் அனுப்பும் அலை பத்தையும் தொடும். இந்தத் துண்டு யாருக்கு, அந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது என்று பிரித்தறிய, அனுப்பப்படும் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அனுப்புகிறவரின் முகவரியும் பெறுகிறவரின் முகவரியும் இருக்க வேண்டும். அதுதான் மேக் முகவரி. 0 முதல் 9 வரையிலான எண்களும் A முதல் F வரையிலான எழுத்துகளும் கலந்த பன்னிரண்டு குறிகள், இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு ஜோடிகளாக எழுதப்படும். இந்த அளவுக்குள் ஏறத்தாழ 281 லட்சம் கோடி முகவரிகள் அடங்கும்.

தொழிற்சாலையில் வைஃபை சில்லு தயாராகும்போதே ஒரு முகவரி அதில் பதிக்கப்படுகிறது. இதைத்தான் வன்பொருள் முகவரி என்கிறோம். உலகில் இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி வந்துவிடாமலிருக்க, முதல் மூன்று ஜோடிகளை ஐட்ரிப்பிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒதுக்கித் தருகிறது. மீதி மூன்று ஜோடிகளைத் தயாரிப்பாளர் வரிசையாக நிரப்பிக்கொள்வார். அதனால் வன்பொருள் முகவரியின் முன்பாதியைப் பார்த்தே அது எந்த நிறுவனத்தின் கருவி என்று சொல்லிவிட முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். `*#06#` என்று டயல் செய்தால் வரும் 15 இலக்க எண் ஐஎம்இஐ. அது செல்பேசிக் கோபுரத்துக்கான அடையாளம். வைஃபைக்கும் அதற்கும் தொடர்பில்லை. `192.168` என்று தொடங்கும் ஐபி முகவரி, ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுப்பது. புளூடூத் முகவரி பார்ப்பதற்கு மேக் முகவரி போலவே இருக்கும், போனின் தகவல் பக்கத்தில் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே இருக்கும், ஆனால் வேறு. விடுதிப் படிவங்களில் இவை மூன்றும் மேக் முகவரியின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு.

ஒரே நிலையான முகவரி என்பது ரவுட்டருக்கு வசதி. போன் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு ஆபத்து இருந்தது. வைஃபையில் நாம் அனுப்பும் செய்திகள் கடவுச்சொல்லால் பூட்டப்படுகின்றன. தலைப்பிலுள்ள மேக் முகவரி மட்டும் பூட்டப்படுவதில்லை. யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் படித்தால்தானே மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்? ஆகவே பக்கத்தில் நின்று அலைகளைக் கேட்கும் எந்தக் கருவிக்கும் அந்த முகவரி தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எந்த வைஃபையிலும் சேராமல் பையில் சும்மா கிடக்கும் போன்கூட, பக்கத்தில் ஏதாவது வைஃபை இருக்கிறதா என்று அவ்வப்போது காற்றில் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பழைய போன்கள் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியைச் சொல்லின. வண்டியின் நம்பர் பிளேட்டைப் போல அது போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. ஆனால் நம்பர் பிளேட் இருப்பது வண்டிக்காரருக்குத் தெரியும். இது இருப்பது போன் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

இது கற்பனையான பயம் இல்லை. லண்டன் மாநகரின் நிதி மையமான ‘சிட்டி ஆஃப் லண்டன்’ பகுதியில் 2012 ஒலிம்பிக் போட்டிகளையொட்டி, விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகளை ரெனியூ என்ற நிறுவனம் வைத்தது. அவற்றில் 12 தொட்டிகளில், கடந்துபோகும் போன்களின் மேக் முகவரிகளைப் பதிவு செய்யும் கருவிகளும் பொருத்தப்பட்டிருந்தன. இந்த போன் நேற்றும் இந்த வழியாக வந்ததா, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது, எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்தது. நடந்துபோனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2013 ஆகஸ்டில் செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. நகர நிர்வாகம் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. கடைகளுக்குள் வாடிக்கையாளர் எந்த அலமாரி முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று இதே முறையில் கணக்கெடுக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் அப்போது பரவிக்கொண்டிருந்தது.

போன் தயாரிப்பாளர்கள் இதற்குப் படிப்படியாகத்தான் மாற்று கண்டார்கள். 2014-ல் வந்த ஐஓஎஸ் 8, வைஃபை தேடும்போது மட்டும் பொய்யான முகவரியைச் சொல்ல ஆரம்பித்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 அதே வழியில் வந்தது. ஆனால் ஒரு வைஃபையில் சேர்ந்துவிட்டால் உண்மையான முகவரி வெளியே வந்துவிடும். அந்த ஓட்டையை 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உம், 2020-ல் ஐஓஎஸ் 14-உம் அடைத்தன. அவற்றிலிருந்து, சேர்ந்திருக்கும் நேரத்திலும் போன் பயன்படுத்துவது தானே உருவாக்கிய முகவரியைத்தான். யாரும் போய் எதையும் இயக்க வேண்டியதில்லை. போனை வாங்கும்போதே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஐபோனில் இதன் பெயர் `Private Wi-Fi Address`. ஆண்ட்ராய்டில் `Randomized MAC`.

நம் மாணவியின் கதைக்கு விளக்கம் இதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. போன் ஒவ்வொரு முறை இணையும்போதும் புது முகவரி எடுத்தால் வீட்டு ரவுட்டரே தினமும் அதை அந்நியனாகப் பார்க்கும். ஆகவே ஒரு நடுவழியைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனி முகவரி, அந்த வைஃபைக்குத் திரும்ப வரும்போது அதே முகவரி. ஆண்ட்ராய்டு இதை வைஃபையின் பெயர், அது எந்த வகைப் பாதுகாப்பு என்பது போன்ற விவரங்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறது. கணக்கில் போனுக்கே உரிய ஒரு ரகசியமும் சேர்வதால், ஒரே வைஃபையில் இரண்டு போன்களுக்கு ஒரே விடை வருவதில்லை. கணக்கு என்பதால், அந்த வைஃபையை ‘மறந்துவிடு’ என்று நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலும் பழைய முகவரியே திரும்ப வரும். போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தால்தான் எல்லாம் மாறும்.

மாணவியின் போனில் இருந்த மூன்று முகவரிகளை எழுதிப் பார்க்கலாம். இவை யாருடைய போனுக்கும் உரியவை அல்ல. முதலாவது, எழுத்தில் எடுத்துக்காட்டாகக் காட்டவே ஒதுக்கி வைக்கப்பட்ட வரிசையிலிருந்து எடுத்தது.

```
Device MAC    00:00:5E:00:53:2A
Home WiFi     5E:1C:A4:70:93:0B
Hostel WiFi   B2:47:0D:E8:16:F3
```

முதல் வரி சில்லில் பதிந்தது. இரண்டாவது, வீட்டு வைஃபைக்காக போன் வைத்துக்கொண்டது. அவள் படிவத்தில் எழுதியது இதைத்தான். மூன்றாவது, விடுதி வைஃபையில் அது சொல்லும் பெயர். விடுதியின் பட்டியலில் `5E` என்று தொடங்கும் முகவரி இருக்கிறது, காற்றில் வருவதோ `B2` என்று தொடங்குகிறது. பட்டியலில் இல்லாததால் ரவுட்டர் மறுக்கிறது.

மறுப்பு போனில் எப்படித் தெரியும் என்பது, தடுப்பு எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வைஃபைப் பெட்டியிலேயே தடுத்தால் ‘இணைய முடியவில்லை’ என்று வரும். பலர் கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். ஐபி முகவரி தரும் இடத்தில் தடுத்தால் போன் `Obtaining IP address` என்ற வரியிலேயே நின்றுகொண்டிருக்கும். அதையும் தாண்டி, இணையத்துக்கு வெளியேறும் வாசலில் தடுத்தால், வைஃபை இணைந்துவிட்டது என்று காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. மூன்றும் வேறு வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும், மேக் பட்டியல் வைத்திருக்கும் இடமென்றால் முதலில் ஒப்பிட வேண்டியது முகவரியைத்தான்.

திரையில் தெரியும் முகவரி சில்லில் பதிந்ததா, போன் உருவாக்கியதா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இடமிருந்து இரண்டாவது எழுத்தைப் பார்த்தால் போதும். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் போன் உருவாக்கிய முகவரி. 0, 4, 8, C என்று இருந்தால் வன்பொருள் முகவரி. மேலே உள்ள மூன்றையும் சோதித்துப் பாருங்கள்: முதலாவதில் 0, இரண்டாவதில் E, மூன்றாவதில் 2. இது தற்செயல் அல்ல. முகவரியின் முதல் ஜோடியில் ஒரு சிறு குறியை, ‘இது தயாரிப்பாளர் கொடுத்தது அல்ல, இங்கேயே வைத்துக்கொண்டது’ என்று சொல்வதற்கென்றே தரநிர்ணயத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். போன்கள் அந்த விதியை மதித்து அந்தக் குறியை ஏற்றிவிடுகின்றன. அதனால்தான் ரவுட்டரின் பட்டியலில் நம் போனுக்கு எதிரே தயாரிப்பாளர் பெயர் வராமல் `Unknown` என்று வருவதுண்டு. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் இல்லை. விடுதி அலுவலகத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருந்தால், படிவத்தில் `5E` என்று பார்த்ததுமே “இது வீட்டில் எடுத்ததாம்மா? இங்கே வந்து எடுத்துக் கொடு” என்று சொல்லியிருப்பார்.

இனி, முகவரி எங்கே இருக்கிறது? ஐபோனில் `Settings` திறந்து `Wi-Fi` தொட்டு, வேண்டிய வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் i என்ற குறியைத் தொட வேண்டும். வரும் பக்கத்தில் `Private Wi-Fi Address` என்ற அமைப்பும், அதையொட்டி `Wi-Fi Address` என்று முகவரியும் இருக்கும். அதுதான் அந்த வைஃபைக்கான முகவரி. வன்பொருள் முகவரியே வேண்டுமென்றால் அதே பக்கத்தில் தனிப்பட்ட முகவரியை `Off` செய்தால் முகவரி மாறி உண்மையானது வரும். `Settings`, `General`, `About` என்று போனாலும் `Wi-Fi Address` என்ற வரி ஒன்று உண்டு. எதிலிருந்து எடுத்தாலும் இரண்டாவது எழுத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பக்கங்களின் பெயர் மாறும், அடிப்படை ஒன்றுதான். வைஃபைப் பட்டியலில் வேண்டிய பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் விவரப் பக்கம் வரும். கூகுளின் பிக்சல் போன்களில் அங்கே `Privacy` என்ற பகுதியில் `Use randomized MAC`, `Use device MAC` என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். சாம்சங்கில் இதே அமைப்பு `MAC address type` என்ற பெயரில் இருக்கும். அங்கே `Phone MAC` என்றால் வன்பொருள் முகவரி. சில்லில் பதிந்ததை நேரடியாகப் பார்க்க `About phone` பகுதிக்குள் போய் வைஃபை மேக் என்ற வரியைத் தேட வேண்டும். சில போன்களில் அது இன்னும் உள்ளே, `Status` அல்லது `Status information` என்ற பக்கத்தில் இருக்கும்.

பிளே ஸ்டோரில் மேக் முகவரி காட்டும் செயலிகளை நாடுவதில் பயனில்லை. ஐஓஎஸ் 7-லிருந்தும் ஆண்ட்ராய்டு 6-லிருந்தும் செயலிகள் முகவரியைக் கேட்டால் போன் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது:

```
02:00:00:00:00:00
```

விளம்பரச் செயலிகள் இந்த முகவரியை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்ததால் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். படிவத்தில் யாராவது இதை எழுதிக் கொடுத்திருந்தால், செயலி ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம். ஆங்கில O என்ற எழுத்து இதில் வரவே வராது, வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். B-யும் 8-உம், D-யும் 0-வும் கையெழுத்தில் மாறிவிடுவது சகஜம். முடிந்தால் விரலால் அழுத்திப் பிடித்து நகலெடுத்து அனுப்பிவிடலாம். ஜோடிகளுக்கு இடையே முக்கால்புள்ளியா, சிறு கோடா என்பது பொருட்டல்ல.

மாணவி இப்போது விடுதிக்கு எந்த முகவரியைக் கொடுக்க வேண்டும்? “அந்த ரேண்டம் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க” என்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களில் கிடைக்கும் ஆலோசனை. வேலை நடந்துவிடும் என்பது உண்மை. இந்த அமைப்பு வைஃபைக்கு வைஃபை தனியானது என்பதால், விடுதிக்கு மட்டும் நிறுத்தினால் மற்ற இடங்களில் பாதுகாப்பு அப்படியேதான் இருக்கும். ஆனாலும் நான் அதைக் கடைசி வழியாகவே சொல்வேன். விடுதி வைஃபைக்கென போன் வைத்துக்கொண்ட `B2` முகவரியே அங்கே எப்போதும் மாறாமல் வரும் என்றால், அதையே பட்டியலில் ஏற்றிக்கொள்வதில் விடுதிக்கு எந்தக் குறையும் இல்லை. மாணவியின் உண்மையான முகவரி ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படிச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு: பட்டியலில் ஏறாமல் வைஃபையில் சேர முடியாது, சேராமல் அந்த முகவரி தெரியாதே? முழுவதும் இணைய வேண்டியதில்லை. விடுதிக்குப் போய், அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்து ஒருமுறை முயன்றால் போதும். இணைப்பு மறுக்கப்பட்டாலும் வைஃபை போனில் சேமிக்கப்பட்டிருந்தால், அதன் விவரப் பக்கத்தில் அதற்கான முகவரி தெரியும். மறுக்கப்பட்ட முயற்சிகளின் பதிவு நிர்வாகியின் திரையில் இருந்தால், மாணவி முயலும் அந்த நிமிடத்தில் அங்கே வரும் முகவரியை அவரே எடுத்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லாத வழி அதுதான்.

‘மாறாமல் வரும் என்றால்’ என்று சொன்னேன். இங்கேதான் ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-லிருந்து தனிப்பட்ட முகவரியில் மூன்று நிலைகள் இருக்கின்றன: `Off`, `Fixed`, `Rotating`. `Fixed` என்றால் அந்த வைஃபைக்கு எப்போதும் ஒரே முகவரி. `Rotating` என்றால் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாறும். `WPA2` அல்லது அதைவிட வலுவான பாதுகாப்புள்ள வைஃபைக்கு ஐபோன் தானாக `Fixed` எடுத்துக்கொள்கிறது. கடவுச்சொல்லே இல்லாத திறந்த வைஃபைக்கும் பழைய, பலவீனமான பூட்டுள்ள வைஃபைக்கும் `Rotating` எடுத்துக்கொள்கிறது. விடுதி வைஃபை கடவுச்சொல் இல்லாமல் திறந்திருந்து, மேக் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால், பதிவு செய்த முகவரி சில நாள் நன்றாக வேலை செய்துவிட்டு ஒருநாள் திடீரென நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைஃபை போய்விடுகிறது என்று ஐபோன்காரர் யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. `Fixed` என்று மாற்றி, அப்போது தெரியும் முகவரியைப் பதிந்தால் சரியாகிவிடும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் அடிக்கடி மாறும் முகவரிக்கான அமைப்பு, மேம்பாட்டாளர் பகுதியில் இருக்கிறது. யாராவது அதை இயக்கி வைத்திருந்தால் இதே தொல்லை வரும்.

முகவரி ரவுட்டரோடு அல்ல, வைஃபையின் பெயரோடு ஒட்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் வேறு சில புதிர்களும் அவிழும். பல வீடுகளில் ஒரே ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை தரும், ஒன்றின் முடிவில் `5G` என்று இருக்கும். ஒரே போன் இரண்டிலும் மாறி மாறிச் சேர்ந்தால் ரவுட்டரின் பட்டியலில் அது இரண்டு கருவிகளாகத் தெரியும். பிள்ளையின் போனுக்கு இரவு பத்து மணிக்கு மேல் இணையத்தை நிறுத்தி வைத்த பெற்றோர், அந்தப் பிள்ளை இன்னொரு பெயரில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான். இரண்டு முகவரிகளையும் ஏற்றினால் கட்டுப்பாடு ஓரளவு திரும்பும். அதுபோல, வைஃபையின் பெயரை மாற்றினால், பழைய பெயரில் பதிந்து வைத்த முகவரிகள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப்போகும். விடுதி நிர்வாகம் கோடை விடுமுறையில் ரவுட்டர்களை மாற்றும்போது பெயரையும் பாதுகாப்பு வகையையும் அப்படியே விட்டுவிட்டால், ஆண்ட்ராய்டு போன்களின் முகவரிகள் தொடர்ந்து பொருந்தும். பெயரை அழகுபடுத்தப் போனால் ஜூன் மாதம் அத்தனை மாணவர்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இதே காரணத்தால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு எல்லையும் உண்டு. ஊரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடை எல்லாக் கிளைகளிலும் வைஃபைக்கு ஒரே பெயரை வைத்தால், மாறாத தனிப்பட்ட முகவரி வைத்திருக்கும் போன் எல்லாக் கிளைகளிலும் ஒரே முகவரியைத்தான் சொல்லும். வெவ்வேறு கடைகள் சேர்ந்து நம்மைப் பின்தொடர முடியாது. ஒரே கடை தன் கிளைகளுக்குள் பின்தொடர முடியும். திறந்த வைஃபைகளுக்கு ஆப்பிள் சுழலும் முகவரியை வைத்ததன் பயன் இங்கே விளங்கும். இலவச வைஃபைக்குள் நுழைய நம் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டுவிட்டால் இவை எதுவும் உதவாது. முகவரி எதுவானாலும் ஆள் யார் என்று நாமே சொல்லிவிட்டோம். மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குள் போவதே இல்லை என்பதால், நாம் பார்க்கும் இணையதளங்களிடமிருந்து இது எதையும் மறைப்பதும் இல்லை. இதன் வேலை, பக்கத்தில் இருக்கும் வைஃபைக் கருவிகளிடமிருந்து காப்பது மட்டும்தான்.

மறுபக்கம், மேக் பட்டியலைக் காவல் என்று நம்பும் நிர்வாகங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதி பெற்ற ஒரு மாணவியின் முகவரி பூட்டில்லாமல் காற்றில் போகிறது என்று முன்பே பார்த்தோம். அதைக் கேட்டு, தன் மடிக்கணினிக்கு அதே முகவரியை வைத்துக்கொள்வது இந்தத் துறையில் புதிதாக நுழைந்தவருக்கும் கடினமில்லை. அப்படிச் செய்தவர் செய்யும் எதுவும் பதிவேட்டில் அந்த மாணவியின் பேரில் ஏறும். முகவரியைப் பார்த்து ஆளை முடிவு செய்யும் முறையின் உண்மையான பலவீனம் இதுதான். போன்கள் முகவரியை மாற்றத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அது இருக்கிறது.

பல பல்கலைக்கழகங்கள் இதனால் வேறு வழிக்குப் போய்விட்டன. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து, வைஃபையில் சேரும்போதே அதைச் சரிபார்க்கும் முறை அது. உலகெங்கும் கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபை இப்படித்தான் இயங்குகிறது. அங்கே போன் எந்த முகவரியோடு வந்தாலும் பிரச்சினை இல்லை. அந்த வசதி இல்லாத விடுதிகள் செய்யக்கூடிய எளிய மாற்றம் ஒன்று உண்டு. சேர்க்கைப் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, மாணவர்கள் வந்து சேர்ந்த பிறகு, விடுதிக்குள்ளேயே, விடுதி வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முகவரியைப் பதிவு செய்யலாம். ஐபோன் என்றால் `Fixed` இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போன் மாற்றினாலோ முழுவதும் அழித்து அமைத்தாலோ பழைய முகவரியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றித் தர, மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.